என்டிஏவில் கையெழுத்துப் போடும் முன் ஃப்ரீலான்சர்கள் செய்யும் தவறுகள்

கோவையில் இருந்தபடி கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் எழுதித் தரும் ஒரு டெவலப்பரை எடுத்துக்கொள்வோம். பெங்களூரு ஸ்டார்ட்அப் ஒன்று 80,000 ரூபாய்க்கு ஒரு வேலை பேசி முடிக்கிறது. மறுநாள் மெயிலில் நான்கு பக்க என்டிஏ, அதாவது ரகசியக் காப்பு ஒப்பந்தம், வருகிறது. கூடவே, "இது சும்மா ஃபார்மாலிட்டிதான், இன்னைக்கே சைன் பண்ணி அனுப்பிடுங்க" என்று ஒரு வரி.

முதல் தவறு, தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பது ரகசியக் காப்பு மட்டும்தான் என்று முடிவு செய்வது. வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம், இன்னும் வெளியிடாத வசதிகள், சோர்ஸ் கோட், பாஸ்வேர்ட், நோயாளிகளின் தகவல் ஆகியவற்றை வெளியே சொல்லாதே, இந்த வேலையைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தாதே என்று கேட்பது நியாயம். அதில் பேரம் பேச ஒன்றுமில்லை. ஆனால் நம் டெவலப்பருக்கு வந்த ஆவணத்தின் மூன்றாம் பக்கத்தில் வேறு சங்கதிகளும் இருக்கின்றன: இந்தக் காலத்தில் அவர் எழுதும் எல்லா கோடும் கம்பெனிக்கே சொந்தம், வேலை முடிந்த பிறகும் 2 ஆண்டுகளுக்கு மருத்துவத் துறையில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது, மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25 லட்சம் ரூபாய்.

ரகசியத் தகவல் என்றால் எது என்று சொல்லும் ஷரத்தில் இருந்து தொடங்குவோம். "எழுத்திலோ பேச்சிலோ, ரகசியம் என்று குறித்தோ குறிக்காமலோ தரப்படும் எல்லாத் தகவலும்" என்று இருந்தால், கம்பெனியின் வலைத்தளத்திலேயே இருக்கும் விலைப்பட்டியல்கூட ரகசியமாகிவிடும். அதனால்தான் ஒழுங்காக எழுதப்பட்ட என்டிஏவில் நான்கு விலக்குகள் இருக்கும்: ஏற்கெனவே பொதுவெளியில் இருப்பது, உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, வேறு ஒருவர் முறையாக உங்களிடம் சொன்னது, அவர்கள் தகவலைத் தொடாமல் நீங்களே உருவாக்கியது. நீதிமன்றமோ அரசு அதிகாரியோ சட்டப்படி கேட்டால் தரலாம் என்பதும் சேர்ந்திருக்க வேண்டும். இவை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது விலக்குதான் ஃப்ரீலான்சருக்கு உயிர்நாடி. ஒரே டாக்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு புக்கிங் விழாமல் தடுக்கும் கோடை நம் டெவலப்பர் 2 ஆண்டுகளுக்கு முன்பே தனக்காக எழுதி வைத்திருக்கிறார். அதை இந்த வேலையிலும் போடப்போகிறார். நாளை இன்னொரு கிளினிக்குக்கும் அதையே போட்டால், "எங்கள் ரகசியத்தை எடுத்துப்போய்விட்டார்" என்று இவர்கள் சொல்ல இடம் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே, தன்னிடம் உள்ள பழைய மாட்யூல்களின் பெயரை ஒரு பட்டியலாக எழுதி, ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். கிட் ஹிஸ்டரியில் உள்ள தேதிகள் அதற்குச் சாட்சி.

உரிமை விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஊழியர் எழுதும் கோடின் முதல் உரிமையாளர் பொதுவாக முதலாளி. ஆனால் ஃப்ரீலான்சர் எழுதினால், எழுதியவரே முதல் உரிமையாளர். கூலிக்கு எடுக்கும் புகைப்படம், திரைப்படம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் வேறு விதி. உரிமை கைமாற எழுத்துப்பூர்வமான, கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். என்டிஏவின் மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரு வாக்கியமே அந்த ஆவணமாகிவிடும், அதுவும் ஒரு ரூபாய்கூட கைக்கு வருவதற்கு முன்பே. எனவே அந்த ஷரத்தை எடுத்துவிட்டு வேலை ஒப்பந்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். அங்கேயும், இந்த வேலைக்காக எழுதியது மட்டும், முழுத் தொகையும் வந்த பிறகு மாறும் என்று இருக்கட்டும்.

அடுத்தது, "போட்டித் தடை ஷரத்து இந்தியாவில் செல்லாதுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்ற தைரியம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. வேலை முடிந்த பிறகும் தொடரும் தடைகளை இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் வேலை நடக்கும் காலத்துத் தடை செல்லலாம். கிளையன்ட் வெளிநாட்டுக்காரராக இருந்து, அந்த நாட்டுச் சட்டமே பொருந்தும் என்று எழுதியிருந்தால் கணக்கே வேறு. அதற்கும் மேல், செல்லாத ஷரத்தைக் காட்டி ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தாலே உங்கள் அடுத்த கிளையன்ட் பின்வாங்கிவிடுவார். வருமானம் முழுக்க கிளினிக்குகளிடமிருந்து வரும் ஒருவர் இதை நீக்கச் சொல்லியே ஆக வேண்டும். மறுத்தால், இந்த வேலையின் வழியாக அறிமுகமான, பெயர் குறிப்பிட்ட வாடிக்கையாளர்களை 6 மாதம் அணுகமாட்டேன் என்ற அளவுக்கு இறங்கி வரலாம்.

25 லட்சமும் அப்படித்தான். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். அதை நிரூபிக்க நீங்கள் வழக்காட வேண்டும் என்பதுதான் சிக்கல். 80,000 ரூபாய் வேலைக்கு அந்த ஆபத்து தேவையில்லை. "நிரூபிக்கப்பட்ட நேரடி இழப்பு மட்டும்" என்று மாற்றக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட வேண்டும் என்ற ஷரத்தையும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் கணக்குப் பதிவேடுகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பணம் பாக்கி இருந்தால், வழக்குக்கு மெயில்களும் வேண்டும். "பில், கணக்கு, கடிதப் போக்குவரத்து நீங்கலாக" என்று ஒரு தொடர் போதும். போர்ட்ஃபோலியோவுக்கும் இப்போதே கேட்டுவிடுங்கள்: ஆப் வெளியான பிறகு கிளையன்ட் பெயரும், என்ன செய்தேன் என்ற ஒரு வரியும் போட அனுமதி. வேலை முடிந்த பிறகு கேட்டால் பதில் சொல்லவே ஆள் இருக்காது.

கேட்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. "கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்டா இருக்கு, மாத்த முடியுமா?" என்றால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன செய்வதென்றே தெரியாது. ஷரத்து எண்ணைக் குறிப்பிட்டு, மாற்று வாக்கியத்தை நீங்களே எழுதி, ஒரே மெயிலில் அனுப்புங்கள். "ரகசியக் காப்பை முழுமையாக ஏற்கிறேன். 7ஆம் ஷரத்தில் உள்ள கோட் உரிமையை வேலை ஒப்பந்தத்துக்கு மாற்றலாம். 9ஆம் ஷரத்து என் வழக்கமான தொழிலையே நிறுத்திவிடும், அதை நீக்கக் கோருகிறேன்" என்ற தொனி போதும். இதை ரெப்போ ஆக்சஸ் வாங்கும் முன்பே செய்ய வேண்டும். தகவலைப் பார்த்துவிட்டால் பேரம் பேசும் இடம் சுருங்கிவிடும். நான்கு விலக்குகளும் இருந்து, 2 அல்லது 3 ஆண்டு காலவரம்புடன், ரகசியத்தைத் தவிர வேறெதையும் தொடாத ஆவணம் வந்தால் வீணாக நோண்டாமல் கையெழுத்துப் போடலாம். உரிமை, தடை இரண்டையும் விடவே மாட்டேன் என்கிறார்கள், வேலையோ பெரியது என்றால், அப்போது வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் போகாது.

போனில் "அதெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது, கவலைப்படாதீங்க" என்று சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய ஷரத்துக்கு எதிரான வாய்ப்பேச்சை நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. "இதுவே முழு ஒப்பந்தம்" என்ற வரியும் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பொருந்தாது என்றால் அடித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். திருத்திய பிரதி வந்ததும் அது நீங்கள் ஒப்புக்கொண்ட பிரதிதானா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். மெயில் சங்கிலியில் பழைய கோப்பே மீண்டும் இணைக்கப்பட்டு வருவது சகஜம். இருவரும் கையெழுத்திட்ட பிடிஎஃப் உங்கள் கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.