போஸ்டரில் தலைப்பை ஆளுக்குப் பின்னால் வைப்பது எப்படி?

எங்கள் தெருப் பையன்களின் கபடிப் போட்டிக்கு நான் செய்த முதல் போஸ்டரில் ஒரு கோளாறு நடந்தது. வீரர் ஒருவர் கையைத் தூக்கிப் பாய்கிற படம். அவருக்குப் பின்னால் பெரிதாக 'கபடி' என்ற எழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கிய கை, 'டி'யின் மேல் சுழியைச் சரியாக மறைத்துவிட்டது. டீக்கடையில் ஒட்டியதைப் பார்த்த பெரியவர் ஒருவர், "கபட... என்னப்பா, யாரை ஏமாத்தப் போறீங்க?" என்று கேட்டார்.

தலைப்பை ஆளுக்குப் பின்னால் தள்ளுவது எளிது. எந்த எழுத்தில் எந்த இடத்தை மறைப்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. அதே கபடி போஸ்டரை இந்த முறை ஒழுங்காகச் செய்து பார்ப்போம். இலவசமாகக் கிடைக்கும் GIMP என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும்.

படமும் பக்கமும்

வீரரின் தலைக்கு மேல் வெறும் வானமோ சுவரோ நிறைய இருக்கிற படமாக எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருந்தால் நல்லது. கூட்டமாக நிற்கும் படம் இதற்குச் சரிப்படாது.

File > New போய் A4 அளவைத் தேர்ந்தெடுங்கள். 300 ppi-யில் அது 2480 × 3508 பிக்சல். பிறகு File > Open as Layers மூலம் படத்தைக் கொண்டுவந்து, Shift+S அழுத்திப் பக்கம் நிறையும்படி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு படத்தை நகர்த்தவே கூடாது. ஏன் என்று கீழே தெரியும்.

முதலில் எழுத்து, அப்புறம்தான் வெட்டு

பலரும் முதலிலேயே ஆளை முழுசாக வெட்டி எடுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். அது தேவையில்லாத உழைப்பு. எழுத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் எங்கே வெட்ட வேண்டும் என்பதே தெரியும்.

T அழுத்தி க, ப, டி மூன்றையும் தனித்தனி எழுத்து லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள்போல, அடியுங்கள். தனியாக இருந்தால் ஒவ்வொன்றையும் இஷ்டப்படி நகர்த்தலாம். ஃபான்ட் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய எழுத்தில் கொஞ்சம் மறைந்தாலும் மிச்சம் ஒன்றும் இருக்காது. Baloo Thambi 2 அல்லது Catamaran-இன் Black வகை பொருந்தும். மூன்றும் சேர்ந்து பக்க அகலத்தில் ஐந்தில் நான்கு பங்கை நிறைக்கட்டும். Opacity-ஐ 50-க்குக் குறைத்தால் பின்னால் இருக்கும் ஆளும் தெரிவார், இடம் பார்க்க வசதி.

எங்கே வைப்பது? நம் எழுத்துகளில் அடையாளம் பெரும்பாலும் ஓரங்களில் இருக்கிறது. மேலே புள்ளி, மேல் சுழி, கீழே உகரக் கொக்கி. புள்ளி மறைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். சுழி மறைந்தால் 'டி' என்பது 'ட'. 'க'வின் வலப்பக்கச் சுழி போனால் அது 'ச'வோ என்று கண் ஒரு கணம் தடுமாறும். மறைக்கத் தோதான இடம், நீளக் கோட்டின் நடுப்பகுதி. இரண்டு முனையும் மூலையும் தெரிந்தால் இடையில் இருக்கும் கோட்டைக் கண் தானே போட்டுக்கொள்ளும்.

'கபடி'யில் அப்படி ஓர் இடம் 'ப'வின் அடிக்கோடு. அந்தக் கோடு வீரரின் காதுக்கு நேராக வரும்படி வையுங்கள். நெற்றியும் முடியும் 'ப'வுக்குள், பானைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல நிற்கும். அடிக்கோட்டின் இரண்டு மூலைகளும் தலைக்கு இருபுறமும் வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். தூக்கிய கை 'ப'வுக்கும் 'டி'க்கும் இடையே போகட்டும். போதவில்லை என்றால் 'டி'யைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்கள். நான் அன்றைக்குச் செய்யத் தவறியது இதைத்தான்.

சாண்ட்விச்

இப்போது படத்தின் லேயரை Layer > Duplicate Layer மூலம் நகல் எடுத்து, எழுத்துகளுக்கு மேலே இழுத்து வையுங்கள். அடியில் படம், நடுவில் எழுத்து, மேலே அதே படம். எழுத்து காணாமல் போயிருக்கும், பயப்பட வேண்டாம். மேலே இருக்கும் படத்தில் தலையையும் கையையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறைக்கப் போகிறோம்.

அடியில் அதே படம் அதே இடத்தில் இருப்பதால், எழுத்து படாத இடங்களில் வெட்டு எப்படி இருந்தாலும் வெளியே தெரியாது. ஆகவே தலையும் கையும் எழுத்தைத் தொடும் ஓரங்களில் மட்டும் கவனமாக வெட்டினால் போதும். கழுத்துக்குக் கீழே கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்து முடித்துவிடலாம். அதே காரணத்தால்தான் படத்தை நகர்த்தக் கூடாது. இரண்டில் ஒன்று சற்று நகர்ந்தாலும் ஓரம் இரட்டையாகத் தெரியும்.

B அழுத்தி Paths கருவியை எடுங்கள். 200% பெரிதாக்கி, ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வையுங்கள். வளைவு வரும் இடத்தில் சொடுக்கியபடி இழுக்க வேண்டும். கடைசியில் Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு முதல் புள்ளியைச் சொடுக்கினால் வளையம் மூடிக்கொள்ளும். புள்ளிகள் ஓரத்துக்கு இரண்டு பிக்சல் உள்ளே இருக்கட்டும். வெளியே போனால் வானத்தின் வெளிர் நிறம் தலையைச் சுற்றி ஒரு கோடாக ஒட்டிக்கொள்ளும். வெட்டி ஒட்டியது என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கோடுதான்.

Selection from Path அழுத்துங்கள். Select > Feather-இல் 2 பிக்சல் கொடுத்தால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்காது. அப்புறம் மேல் லேயரில் Layer > Mask போய், வேண்டாததை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க்கைச் சேர்க்கும்போது Selection என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு Shift+Ctrl+A அழுத்தித் தேர்வை நீக்கிவிடுங்கள். எழுத்துகளின் Opacity-ஐ மறுபடி 100 ஆக்கினால் தலை 'ப'வுக்கு முன்னால் வந்து நிற்கும்.

வெட்டு பிசகிய இடத்தில் மாஸ்க்கைச் சொடுக்கி, கறுப்புத் தூரிகையால் தீட்டினால் மறையும், வெள்ளையால் தீட்டினால் திரும்ப வரும். அழிப்பானை மட்டும் தொடாதீர்கள். அழிப்பானால் போனதை மாஸ்க்கைப்போல நினைத்தபோது மீட்க முடியாது.

முடி பறக்கிற படமாக இருந்தால் ஒவ்வொரு இழையாக வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அடியில் இருக்கும் படத்தை இன்னொரு நகல் எடுத்து எழுத்துகளுக்கு மேலே வைத்து, முடிப் பகுதியை மட்டும் தாராளமாக, சுற்றியுள்ள வானத்தோடு சேர்த்து மாஸ்க் போட்டு, அந்த லேயரின் Mode-ஐ Darken only ஆக்குங்கள். கறுத்த முடி நிற்கும், இடையில் உள்ள வானம் எழுத்துக்கு வழிவிடும். எழுத்தின் நிறம் வானத்தைவிட அடர்த்தியாகவும் முடியைவிட வெளிறியும் இருந்தால்தான் இது நடக்கும். வெளிர் வானத்தில் சிவப்பு எழுத்து சரியாக வரும். வெள்ளை எழுத்தில் வராது.

கொஞ்சம் நிழல்

இவ்வளவுக்கும் பிறகு எழுத்து தட்டையாகத் தெரிந்தால், 'ப' லேயரில் வலது சொடுக்கு செய்து Alpha to Selection கொடுங்கள். எழுத்துக்கும் மேல் படத்துக்கும் நடுவே காலி லேயர் ஒன்று சேர்த்து, மென்மையான பெரிய கறுப்புத் தூரிகையால் தலையின் ஓரத்தை ஒட்டி லேசாகத் தீட்டுங்கள். Opacity 20 முதல் 30 போதும். தேர்வு இருப்பதால் நிழல் எழுத்தின் மேல் மட்டுமே விழும். அது வானத்திலும் விழுந்தால் ஆள் சுவரில் ஒட்டிய காகிதம்போல ஆகிவிடுவார். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று முகத்தில் பார்த்து, எதிர்ப்பக்கத்தில் தீட்டுங்கள். முடிந்ததும் தேர்வை மறுபடி நீக்கிவிடுங்கள்.

தேதி, இடம், தொலைபேசி எண் எதையும் பின்னால் தள்ளாதீர்கள். அவை எல்லா லேயருக்கும் மேலே இருக்கட்டும்.

வேலைக் கோப்பை XCF-ஆகச் சேமித்துவிட்டு, File > Export As மூலம் PNG எடுங்கள். அதைக் கைபேசியில் விரல்நுனி அளவுக்குச் சுருக்கி, போட்டியைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவர் தயங்கினால் எழுத்துகளைத்தான் நகர்த்த வேண்டும். அவை தனி லேயர்களாக இருப்பதால் மாஸ்க்கைத் தொடாமலே நகர்த்தலாம். புதிதாக எழுத்து படும் ஓரத்தை மட்டும் மறுபடி சுத்தம் செய்து, நிழலைத் திரும்பத் தீட்டிக்கொள்ளுங்கள்.