கிளைக்கு அனுப்பிய சரக்கு: வழியில் நிற்கும் வண்டியைக் கணக்கில் தொலைக்காதீர்கள்

போன மாதம் எங்கள் கடைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருத்தன், "அண்ணே, ரெண்டு கிளைக் கணக்கும் ஒத்துவரல, வித்தியாசத்த சஸ்பென்ஸ்ல போட்டுட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் அவன்மேல் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் ஒரு மின்சாதனக் கடையில் கணக்கெழுதப் போன புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதுவும் சஸ்பென்ஸில் கூட இல்லை, நேராகச் செலவில்.

சலானில் எண்ணிக்கை தப்பாக எழுதுவது, தேதி மாற்றிப் போடுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை ஒரு வாரத்தில் தானே வெளியே வந்துவிடும். வெளியே வராமல் உள்ளேயே கிடந்து காசைத் தின்கிற தவறைத்தான் பேசப்போகிறேன்.

வித்தியாசத்தை "சரிக்கட்டுவது"

அந்தக் கடைக்கு நாகர்கோவிலில் தலைமைக் குடோன், மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கணக்கு. மார்ச் 31 சாயங்காலம் மார்த்தாண்டத்துக்கு 120 மின்விசிறி ஏற்றினோம். ஒன்றின் அடக்கவிலை 1,800 ரூபாய், மொத்தம் 2,16,000. நாகர்கோவில் கணக்கில் அன்றைக்கே சரக்கைக் கழித்து மார்த்தாண்டம் கிளையின் பெயரில் பற்று வைத்தேன். அதுவரை சரி. வண்டி இரவு போய்ச் சேர்ந்தபோது கடை அடைத்துவிட்டார்கள், ஓட்டுநர் வண்டியிலேயே படுத்துவிட்டார். மறுநாள் காலையில்தான் இறக்கினார்கள். மார்த்தாண்டத்துப் பையன் வரவை ஏப்ரல் 1 தேதியில் எழுதினான். அவன் செய்ததும் சரிதான்.

ஆக, மார்ச் 31 இரவு அந்த 120 விசிறி நாகர்கோவில் கணக்கிலும் இல்லை, மார்த்தாண்டம் கணக்கிலும் இல்லை. வண்டியில் இருந்தது, பேரேட்டில் எங்கும் இல்லை.

ஆண்டுக் கணக்கு முடிக்க உட்கார்ந்தேன். என் புத்தகத்தில் மார்த்தாண்டம் தர வேண்டியது 14,36,000. அவர்கள் புத்தகத்தில் தலைமைக்குத் தர வேண்டியது 12,20,000. இந்த இரண்டு நிலுவையும் ஒரே தொகையாக இருந்தால்தான் கணக்குகளைச் சேர்க்கும்போது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். 2,16,000 இடித்தது. ஏன் என்று பார்க்கப் பொறுமை இல்லை, ஆடிட்டருக்குக் கொடுக்க நாளும் நெருங்கிவிட்டது. "கிளைப் பரிமாற்ற வித்தியாசம்" என்று செலவுத் தலைப்பில் ஒரு லெட்ஜரைத் திறந்து அதில் 2,16,000 பற்று, மார்த்தாண்டம் கிளைக்கு வரவு. கணக்கு பளிச்சென்று ஒத்தது, எனக்கும் பெருமை.

அந்த ஒரு பதிவு என்னவெல்லாம் செய்தது பாருங்கள். முதலாளியின் சொந்தச் சரக்கு, பத்திரமாக அவர் வண்டியிலேயே இருக்கிற சரக்கு, செலவாகிவிட்டது. அந்த வருஷ லாபம் 2,16,000 குறைந்தது, இருப்பும் அதே அளவு குறைந்தது. வங்கியில் கேஷ் கிரெடிட் வைத்திருந்தோம். சரக்கின் மதிப்பில் 25 சதவீதம் மார்ஜின் போக மிச்சத்துக்குத்தான் பணம் எடுக்கலாம். அப்படிப் பார்த்தால் இல்லாத குறைவுக்காக 1,62,000 ரூபாய் எடுக்கும் வசதி போனது. மாதாமாதம் கொடுத்த சரக்குப் பட்டியலில் ஒரு எண், ஆடிட் ஆன கணக்கில் இன்னொரு எண் என்று வங்கி மேலாளர் கூப்பிட்டுக் கேட்டபோது என்ன பதில் சொல்ல என்றே தெரியவில்லை.

இன்னும் இருக்கிறது. புது வருஷத்தில் மார்த்தாண்டம் வரவை எழுதியதும் வித்தியாசம் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வந்தது. ஆனால் 2,16,000 ஆக வரவில்லை, 2,10,600 ஆக வந்தது. அதையும் அதே லெட்ஜரில் வருமானமாகப் போட்டு மூடினேன். 5,400 ரூபாய் எங்கே போயிற்று என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும், 1,800-ஆல் வகுத்தால் மூன்று விசிறி. மார்த்தாண்டத்தில் எண்ணி இறக்கியது 117தான். பையன் எண்ணியதை எழுதினான். நான்தான் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் தக்கலைக் கிளைக்காரர் போன் போட்டார். "மக்கா, எங்க டாலியில விசிறி மைனஸ் மூணு காட்டுது, கடையில சரக்கு இல்லாமலா வித்தேன்?" அப்போதுதான் விளங்கியது. வண்டி தக்கலை வழியாகத்தான் போகும். அங்கே வேறு சாமான் இறக்கும்போது மூன்று பெட்டி சேர்ந்து இறங்கிவிட்டது, அவர்களும் விற்றுவிட்டார்கள். தொலைந்தது ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து மாதம் அந்த மூன்று விசிறியும் என் "வித்தியாச" லெட்ஜருக்குள் நஷ்டமாகப் படுத்துக் கிடந்தன. அவை நிஜமாகவே திருடு போயிருந்தாலும் கணக்கு இதேபோலத்தான் அழகாக ஒத்திருக்கும். என்னை இன்றைக்கும் உறுத்துவது இதுதான்.

செய்திருக்க வேண்டியது இரண்டே வரி. மார்ச் 31 தேதியில், நாகர்கோவில் புத்தகத்தில்:

வழிச் சரக்கு கணக்கு பற்று 2,16,000
மார்த்தாண்டம் கிளை கணக்கு வரவு 2,16,000

இதனால் கிளை நிலுவை 12,20,000 ஆகி ஒத்துவிடும். வழிச் சரக்கு 2,16,000 இருப்புநிலைக் குறிப்பில் சரக்கிருப்போடு சேர்ந்து நிற்கும். லாபம் கெடாது. ஏப்ரல் 1-ல் இதையே திருப்பி எழுதிவிட வேண்டும். நான் அப்படிச் செய்திருந்தால் மார்த்தாண்டம் 117-க்கு வரவு எழுதிய அன்றே 5,400 மட்டும் தனியாக நின்று "என்னைப் பார்" என்று கத்தியிருக்கும். எங்கே போனது என்று தெரியும்வரை அந்த 5,400-ஐ மட்டும் மறுபடி வழிச் சரக்கில் வைத்திருக்கலாம், தப்பில்லை. தக்கலையில் கிடைத்தால் தக்கலைக்கு மாற்றலாம். நிஜமாகவே தொலைந்தது என்று உறுதியானால் மட்டும் நஷ்டத்துக்குப் போக வேண்டும், அப்போது ஜிஎஸ்டியும் கூட வரும்: தொலைந்த, திருடுபோன, அழிந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்று பிரிவு 17(5) சொல்கிறது. 18 சதவீதம் என்றால் மூன்று விசிறிக்கு 972 ரூபாய். சின்னத் தொகைதான், மூன்று விசிறி முப்பதாகும் வரை.

கிளைகளை எல்லாம் ஒரே டாலி கம்பெனியில் குடோன்களாக வைத்திருந்தால் இன்னும் சுலபம். "வழியில்" என்று ஒரு குடோனைத் திறந்துகொள்ளுங்கள். ஏற்றும்போது நாகர்கோவிலிலிருந்து "வழியில்" குடோனுக்கு ஒரு ஸ்டாக் ஜர்னல், இறக்கி எண்ணியதும் அங்கிருந்து மார்த்தாண்டத்துக்கு இன்னொன்று. நாகர்கோவிலிலிருந்து நேராக மார்த்தாண்டத்துக்கு ஒரே ஜர்னல் போடுகிறவர்கள்தான் அதிகம். வண்டி பார்வதிபுரம் தாண்டும் முன்னாலேயே சரக்கு கிளையில் இருப்பதாகக் கணினி நம்பிவிடும், அங்கே பில்லும் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டு பக்கமும் எழுதுவது

வழிச் சரக்குப் பதிவை ஒரு புத்தகத்தில் மட்டும் எழுதுங்கள். தலைமையும் எழுதி, கிளையும் பாதுகாப்புக்காக எழுதினால் அதே 2,16,000 இருப்பில் இரண்டு தடவை வந்துவிடும்.

வாட்ஸப்பில் வந்த சலானைப் பார்த்து வரவு வைப்பது

எண்ணாமல் வைக்காதீர்கள்.

ஏற்றிய வண்டியையும் எண்ணிவிடுவது

மார்ச் 31 சரக்கு எண்ணும்போது குடோன் முற்றத்தில் ஏற்றிய வண்டி நிற்கும். சலான் போட்டாயிற்று, கணக்கில் கழிந்தாயிற்று, ஆனால் எண்ணுகிறவர் கண்ணுக்குச் சரக்கு தெரிகிறது, எழுதிவிடுவார். எண்ணத் தொடங்கும் முன் கடைசிச் சலான் எண் எது என்று தாளில் குறித்து வைத்துக்கொண்டால் போதும், அந்த எண் வரைக்கும் உள்ளது வழிச் சரக்கு, எண்ணக்கூடாது. கிளையிலும் அப்படியே, கடைசியாக இறக்கிய சலான் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சரக்கு மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டுக்குள் கிளைக்கு அனுப்பினாலும் இ-வே பில் இருக்கும், புறப்பட்ட நாளுக்கு அதுவே சாட்சி.

களியக்காவிளையைத் தாண்டும் சரக்கு

நம் மாவட்டத்துக் கடைகள் பலதுக்குத் திருவனந்தபுரம் பக்கம் ஒரு கிளை இருக்கும். அங்கே கதை வேறு. கேரளக் கிளைக்குத் தனி ஜிஎஸ்டி எண், அதனால் நம் முதலாளியே நம் முதலாளிக்கு அனுப்பினாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது சப்ளை. சலான் போதாது, வரி இன்வாய்ஸ் போட்டு ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும். மாநிலம் தாண்டுவதால் இ-வே பில்லுக்கு வரம்பும் 50,000தான்.

கேரளக் கிளை முழு உள்ளீட்டு வரியும் எடுக்க முடியும் என்றால் இன்வாய்ஸில் போடும் விலையே ஏற்கப்படும் என்பதால் சிலர் 20 சதவீதம் ஏற்றிப் போடுகிறார்கள். மார்ச் 31-ல் 40 விசிறி, 1,800 அடக்கத்துக்கு 2,160 வீதம் 86,400 ரூபாய், ஐஜிஎஸ்டி 15,552 என்று வையுங்கள். வழிச் சரக்காக 1,01,952-ஐயோ 86,400-ஐயோ எழுதினால் இரண்டுமே தப்பு. வெளியாள் யாருக்கும் இன்னும் விற்கவில்லை, அந்த 14,400 லாபமே கிடையாது. மொத்தக் கணக்கில் வழிச் சரக்கு 72,000 மட்டும். வரி 15,552 தனியாக நிற்க வேண்டும். சரக்கு கைக்கு வந்த பிறகுதான் அந்த வரியை எடுக்கலாம் என்பதால், இன்வாய்ஸ் மார்ச் மாத 2பி-யில் தெரிந்தாலும் கேரளக் கிளைக்கு அது ஏப்ரல் கணக்குதான்.

பரிமாற்றத்தை விற்பனை, கொள்முதல் தலைப்பில் போடுவது

சொந்தக் கணக்கைச் சேர்க்கும்போது நீக்கிவிடுங்கள். விற்றுமுதல் சும்மா ஊதிக்கொண்டு நிற்கும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

வழிச் சரக்கு லெட்ஜரில் நிற்கும் தொகை, வரவு வராத சலான்களின் பட்டியலோடு பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் ஒரு மணி சொச்சம் ஓட்டம். பாலத்தடியில் எவ்வளவு நெரிசல் என்றாலும் மூன்று நாளைக்கு மேல் ஒரு சலான் திறந்தே இருந்தால் ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூடவே மற்றக் கிளைகளில் அதே பொருள் மைனஸில் ஓடுகிறதா என்றும் பாருங்கள், பாதி நேரம் சரக்கு அங்கேதான் இறங்கியிருக்கும். நம் தம்பி சஸ்பென்ஸில் போட்ட 38,000-ஐ அப்படித்தான் அன்று மாலையே கண்டுபிடித்தோம். குளச்சலுக்குப் போக வேண்டிய மிக்சி கருங்கலில் இருந்தது.