ரத்த உறவுக் கணக்கு: ‘சொன்னாள்’ என்றால் ஒரு விடை, ‘சொன்னான்’ என்றால் வேறு விடை

போட்டித் தேர்வுக்குப் படித்த நாட்களில் ரத்த உறவுக் கணக்கில் எனக்கு மார்க் போய்க்கொண்டே இருந்தது. படம் ஒழுங்காகத்தான் போடுவேன், தலைமுறையும் சரியாக வரும், ஆனால் விடை மட்டும் தப்பும். தப்பிய கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதை நான் எங்கேயுமே குறித்து வைக்கவில்லை. மற்றவர்கள் எல்லோருக்கும் பால் குறித்திருந்தேன், ‘நான்’ என்று பேசுகிற அந்த ஆளுக்கு மட்டும் இல்லை. அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கணக்கு இதுதான்.

> ஒரு புகைப்படத்தைக் காட்டி ஒரு பெண் சொன்னாள்: “இந்தப் பையனின் அம்மா, என் அம்மாவின் ஒரே மகள்.” அந்தப் பையன் அவளுக்கு என்ன உறவு?

படி 1: பேசுகிறவரை முதலில் வரையுங்கள்

புகைப்படத்தில் இருக்கிறவரை அல்ல, பேசுகிறவரை. ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம், தெரியாது என்றால் சாய்சதுரம். மரபியல் பாடத்தில் குடும்ப வரைபடம் போடும்போது இதே குறிகளைத்தான் பயன்படுத்துவார்கள். நிறையப் பேர் ஆணுக்கு + பெண்ணுக்கு − என்று சொல்லித் தருகிறார்கள், எனக்கு அது பிடிக்காது. குறியீட்டுக் கணக்குகளில் அதே + − உறவைக் குறிக்க வரும், அப்போது இரண்டும் கலந்து குழம்பிவிடும். பேனாவும் வேண்டாம், பென்சில்தான் நல்லது, ஏனென்றால் சாய்சதுரத்தைப் பாதியில் அழித்து வட்டமாக்க வேண்டி வரும்.

இங்கே ‘பெண் சொன்னாள்’ என்று இருக்கிறது, ஆகவே வட்டம்.

படி 2: ‘என்’ என்ற சொல்லிலிருந்து நடங்கள்

தமிழில் இது வசதி. என் → அம்மா → ஒரே மகள் என்று எழுதியிருக்கிற வரிசையிலேயே போகலாம். ஆங்கில வினாவில் ‘the only daughter of my mother’ என்று வந்தால் ‘my’ பின்னால் இருக்கும், அதைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். வட்டத்துக்கு மேலே இன்னொரு வட்டம் போடுங்கள், அது அவளுடைய அம்மா. அங்கிருந்து கீழே இறங்கினால் ‘ஒரே மகள்’.

படி 3: புதிய வட்டம் போடும் முன் நில்லுங்கள்

நான் விழுந்த இடம் இதுதான். ‘ஒரே மகள்’ என்றதும் கை தானாகவே பக்கத்தில் ஒரு புதிய வட்டம் போட்டுவிடும், அக்காவோ தங்கையோ என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு மகள் ஏற்கெனவே படத்தில் இருக்கிறாளே! பேசிக்கொண்டிருப்பவளே மகள்தான். ஒரே மகள் என்றால் இரண்டாவது வட்டத்துக்கு இடமே இல்லை. ஆக அந்த ஒரே மகள் அவளேதான், பையனின் அம்மாவும் அவளேதான். விடை: மகன்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். ‘ஒரு பெண் சொன்னாள்’ என்பது ‘ஒரு ஆண் சொன்னான்’ ஆகட்டும், மேற்கோளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பேசுகிறவர் சதுரம். அவனால் ஒரே மகளாக இருக்க முடியாது, அதனால் புதிய வட்டம் போட்டே ஆக வேண்டும்: அவனுடைய அக்கா அல்லது தங்கை. பையன் அவனுக்குச் சகோதரியின் மகன்.

“இந்தப் பையனின் அப்பா, என் அம்மாவின் ஒரே மகன்” என்று மாற்றினால் எல்லாம் தலைகீழாகும். ஆண் சொன்னால் அவனுடைய சொந்த மகன், பெண் சொன்னால் அவளுடைய அண்ணன் அல்லது தம்பியின் மகன்.

அதாவது பேசுகிறவரின் பாலும் ‘ஒரே’ என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் சொல்லின் பாலும் ஒன்றானால், அந்த ஆள் பேசுகிறவரேதான். ஆனால் இது என் அம்மா, என் அப்பா என்று ஒரு படி ஏறி, அங்கிருந்து ஒரு படி இறங்கும்போது மட்டும்தான் பொருந்தும். ‘என் தாத்தாவின் ஒரே மகன்’ என்று வந்தால் இதைப் போடாதீர்கள். அப்பா வழித் தாத்தா என்றால் அவர் அப்பா, அம்மா வழித் தாத்தா என்றால் தாய்மாமன். எந்த வழி என்று வினா சொல்லாவிட்டால் முடிவு செய்ய முடியாது.

‘ஒரே’ என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘ஒரே மகன்’ என்றால் மகன்களில் ஒருவன்தான், மகள்கள் எத்தனை பேரும் இருக்கலாம். ‘ஒரே பிள்ளை’ என்றால்தான் வேறு யாருமே இல்லை. “என் அம்மாவின் ஒரே பிள்ளை” என்று யார் சொன்னாலும், ஆணோ பெண்ணோ, அது சொல்கிறவரேதான். ‘ஒரே’ இல்லாமல் வெறும் ‘என் அம்மாவின் மகள்’ என்று ஒரு பெண் சொன்னால் அவளாகவும் இருக்கலாம், அவள் சகோதரியாகவும் இருக்கலாம், விடை நிற்காது.

பிறகு சேர்த்தது

‘ஒருவர் கூறினார்’ என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி, ‘கூறினார்’ என்பதில் பால் தெரியாது. சாய்சதுரம் போட்டுவிட்டு மேற்கோளுக்குள் தேடுங்கள். ‘என் மனைவி’ என்று எங்காவது வந்தால் சதுரமாக மாற்றுங்கள், ‘என் கணவர்’ வந்தால் வட்டம். பெயரை நம்பாதீர்கள், மணி என்ற பெயர் இரு பாலருக்கும் உண்டு.

இன்னொருவர் விடைத் தெரிவில் ‘மருமகன்’ இருந்ததால் குழம்பியிருக்கிறார். மகளின் கணவனும் மருமகன், ஆணுக்கு அக்கா தங்கை மகனும் மருமகன். படத்தில் அந்த ஆள் திருமணக் கோட்டின் வழியாக வந்தாரா, பிறப்புக் கோட்டின் வழியாக வந்தாரா என்று பார்த்தால் எந்த மருமகன் என்று தெரிந்துவிடும். நான் திருமணத்துக்கு இரட்டைக் கோடு போடுவது இதற்காகத்தான்.

குறியீட்டுக் கணக்கைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். இப்படி வைத்துக்கொள்வோம்:

```
P + Q : P, Q-இன் அப்பா
P × Q : P, Q-இன் சகோதரன்
P − Q : P, Q-இன் மனைவி
```

`P + Q × R` என்றால் R, P-க்கு என்ன உறவு? மகன் என்று எழுதத் தோன்றும், ஏனென்றால் ‘சகோதரன்’ என்ற சொல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். ஆனால் சகோதரன் Q மட்டும்தான். + உம் × உம் தங்களுக்கு இடது பக்கம் இருக்கிறவரின் பாலைத்தான் சொல்கின்றன, வலது பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. R சாய்சதுரமாகவே நிற்கும், விடை ‘மகன் அல்லது மகள்’. − மட்டும் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடும், இடது மனைவி என்றால் வலது கணவன்.

அதே வரியை `P + Q × R − S` என்று நீட்டிப் பாருங்கள். R இப்போது ஒருவரின் மனைவி, சாய்சதுரத்தை அழித்து வட்டம் போடுங்கள். R, P-இன் மகள். S அவளுடைய கணவன், அதனால் P-க்கு அவன் மருமகன், இரட்டைக் கோட்டின் வழியாக வந்த மருமகன்.