விகிதக் கேள்வியில் மதிப்பெண்ணைத் தின்னும் தவறுகள்: மறுமலர்ச்சிக் கட்டடக்கலை

தூண்களின் பெயரை மாற்றி எழுதுவதெல்லாம் ஒருமுறை திருத்தினால் சரியாகிவிடும். விடைத்தாளுக்கு விடைத்தாள் திரும்ப வந்து எரிச்சலூட்டுவது, கட்டடத்தின் பாகங்களை அளக்கும் அலகான மாடுலில் வரும் குழப்பம்தான்.

மாடுலை விட்டமாக எடுத்துக்கொள்வது

மாடுல் என்பது மீட்டர் போல நிலையான அளவு அல்ல. அது அந்தந்தக் கட்டடத்தின் தூணிலிருந்தே பிறக்கிறது. 1562-இல் வெளியான விதிநூலில் இத்தாலியக் கட்டடக்கலைஞர் விக்னோலா, தூணின் அடிப்பகுதி விட்டத்தில் பாதியை ஒரு மாடுலாக வைத்தார். ஆர்டர் எனப்படும் தூண் வகைகளில், அவர் கணக்கில் தூணின் உயரம் டஸ்கனுக்கு 14 மாடுல், டோரிக்குக்கு 16, அயோனிக்குக்கு 18, கொரிந்தியனுக்கும் காம்போசிட்டுக்கும் 20. விட்டத்தில் சொன்னால் 7, 8, 9, 10.

ஐந்து ஆர்டர்களுக்கும் அவர் பொதுவாக வைத்த விதி இது: தூணின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு பீடம், நான்கில் ஒரு பங்கு தூணுக்கு மேலுள்ள என்டாப்ளேச்சர். அதாவது மொத்த உயரம் 19 பங்கு. பீடம் 4, தூண் 12, என்டாப்ளேச்சர் 3.

9.5 மீட்டர் உயரத்துக்கு டோரிக் ஆர்டர் வரையச் சொன்னால், ஒரு பங்கு 0.5 மீட்டர். பீடம் 2 மீட்டர், தூண் 6, என்டாப்ளேச்சர் 1.5. தூணின் 6 மீட்டரை 16-ஆல் வகுத்தால் மாடுல் 0.375 மீட்டர், விட்டம் அதன் இருமடங்கு, 0.75 மீட்டர். மாடுலையே விட்டமாக எடுத்தவர் 0.375 மீட்டர் தடிமனில் 6 மீட்டர் தூணை நிறுத்துவார். உயரம் விட்டத்தைப்போல் 16 மடங்காகிவிடும். கொரிந்தியனே 10-ஐத் தாண்டாதபோது, அங்கேயே பிழை தெரிந்துவிட வேண்டும்.

பீடம் இல்லாவிட்டால் 19 பொருந்தாது. உயரத்தை 5 பங்காக்கி, 4 தூணுக்கும் 1 என்டாப்ளேச்சருக்கும் கொடுங்கள்.

யாருடைய விதி என்பதையும் எழுதுங்கள். 1570-இல் இன்னொரு கட்டடக்கலைஞரான பல்லாடியோ கொரிந்தியனுக்கு 9.5 விட்டம்தான் கொடுத்தார். பெயர் இல்லாத எண்ணைத் திருத்துபவர் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

பர்ஸ்பெக்டிவையும் விகிதத்தையும் ஒன்றாக்குவது

"தூரத்துத் தூண்கள் சிறியவை" என்று எழுதாதீர்கள். புருனெலெஸ்கியின் சாந்தோ ஸ்பிரிதோ தேவாலயத்தில் தூண்களின் இடைவெளி சமம். பக்கவாட்டுக் கட்டங்கள் சதுரம். நடுக்கூடத்தின் அகலம் அந்தச் சதுரத்தின் இருமடங்கு. அளவு மாறுவதில்லை, கண்ணுக்குத்தான் குறைகிறது; அதுதான் பர்ஸ்பெக்டிவ். எல்லாம் சமமாக இருப்பதால்தான் அந்தக் குறைவு ஒரே சீராகத் தெரிகிறது. மிலானின் சான் சாத்திரோ தேவாலயத்தில் பிரமாந்தே உண்மையிலேயே அளவைச் சுருக்கினார்: ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் நீண்ட மண்டபம்போல் காட்டினார். அதை விதிவிலக்கு என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

ஆர்டர்களைத் தலைகீழாக அடுக்குவது

பல தளக் கட்டடத்தில் கனமான டோரிக் கீழே, மெலிந்த கொரிந்தியன் மேலே வர வேண்டும்.

சமச்சீர் என்றால் இடமும் வலமும் மட்டும்

போதாது. முழுமைக்கும் பகுதிக்கும் உள்ள கணக்கைக் காட்டுங்கள். ஃபுளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் அல்பெர்த்தி முடித்த முகப்பை ஒரு பெரிய சதுரத்துக்குள் அடக்கலாம். அந்தச் சதுரத்தின் பக்க நீளத்தில் பாதி அளவுள்ள சிறு சதுரங்கள் கீழ்த்தளத்தில் இரண்டு, மேல்தளத்தின் நடுப்பகுதியில் ஒன்று. இந்த மூன்றையும் வரைந்து 1:2 என்று குறித்தால் போதும்.