குறைந்த சோடியம் உப்பு: பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்

பிரஷருக்கு நல்லது என்று விற்கும் 'லோ சோடியம்' உப்பில், சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். இதில் பலன் உண்டு. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. ஏன் என்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 1: பாக்கெட்டின் பின்பக்கம்

பொட்டாசியம் குளோரைடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 30 என்று இருந்தால், ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பில் 1.5 கிராம் அதுதான். அதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 780 மில்லிகிராம், பொட்டாசியம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் இதைச் சிறுநீரில் தள்ளிவிடும். பழுதானால் ரத்தத்தில் தேங்கும், இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும். (இந்துப்பு வேறு. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், பிரஷருக்கு மாற்று ஆகாது.)

படி 2: மாத்திரை அட்டை

பிராண்டு பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். 'பிரில்' என்று முடிந்தால் (எனலாப்ரில், ராமிப்ரில்), 'சார்டான்' என்று முடிந்தால் (டெல்மிசார்டான், லோசார்டான்), அல்லது ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு என்றிருந்தால், டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பு வேண்டாம். பொட்டாசியம் வெளியேறுவதை இவை குறைக்கும். வேடிக்கை என்னவென்றால், இவற்றில் பல பிரஷருக்கே தரும் மாத்திரைகள். அம்லோடிபின் மட்டும் சாப்பிடுபவருக்கு மருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

படி 3: ரத்தப் பரிசோதனை

கிரியேட்டினினை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 60 வயது ஆண், சர்க்கரை உண்டு, டெல்மிசார்டான் சாப்பிடுகிறார், கிரியேட்டினின் 1.6 என்று வைத்துக்கொள்வோம். 'கொஞ்சம்தான் கூட' என்று தோன்றும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர் கணக்கிட்டால் சுமார் 49 வருகிறது. 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நாள்பட்ட சிறுநீரக நோய். சர்க்கரை, சிறுநீரகம், மாத்திரை மூன்றும் சேர்ந்து பொட்டாசியத்தைத் தேக்கும். இவர் சாதா உப்பையே அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்வதுதான் சரி.

ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால்

மேலே சொன்ன சிறுநீரகச் சிக்கலோ மாத்திரையோ உள்ளவர் என்றால், இந்த உப்பை நிறுத்திவிட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் அளவைச் சோதியுங்கள். வழக்கமான அளவு 3.5 முதல் 5 வரை. ஏறினாலும் பலருக்கு ஒன்றுமே தெரியாது என்பதால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். கைகால் தளர்ச்சி, படபடப்பு, மயக்கம் வந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

சமையலறையில்

சிறுநீரக நோயாளிக்காக உருளைக்கிழங்கை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடிப்பது பொட்டாசியத்தைக் குறைக்கத்தான். அதே கிழங்கில் இந்த உப்பைத் தூவினால் வடித்தது வீண். வீட்டில் ஒருவருக்கு ஆகாது என்றால், பொதுச் சாம்பாரில் இதைப் போடாதீர்கள். வேண்டியவர் தன் தட்டில் போட்டுக்கொள்ளட்டும், டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.