போனில் பிரிண்டர் தெரியவில்லையா? முதலில் ஐபி முகவரியைப் பாருங்கள்

பிரிண்டரில் வைஃபை விளக்கு எரிகிறது, போனில் இணையமும் ஓடுகிறது. ஆனாலும் அச்சிடப் போனால் "பிரிண்டர் எதுவும் இல்லை" என்றே வருகிறது. உடனே செயலியை அழித்து மறுபடி நிறுவுவதும், பிரிண்டரை ரீசெட் செய்வதும்தான் பலரும் செய்யும் முதல் தவறு. இரண்டு கருவிகளும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருந்தால் இதனால் எந்தப் பயனும் இல்லை. ரீசெட் செய்தால் பிரிண்டரில் இருந்த வைஃபை அமைப்பும் போய்விடும், அவ்வளவுதான்.

போன் பிரிண்டரைத் தேடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று போன், கருவிகள் பலவும் சேர்ந்து கேட்கும் 224.0.0.251 என்ற முகவரிக்கு ஒரு கேள்வியை அனுப்புகிறது. எம்டிஎன்எஸ் எனப்படும் முறை இது. ஐபோனின் ஏர்பிரிண்டும், ஆண்ட்ராய்டில் உள்ள அச்சு வசதியும் பெரும்பாலும் இதை நம்பித்தான் இருக்கின்றன. அந்தக் கேள்வி தன் நெட்வொர்க்குக்குள் மட்டும் சுற்றும்; ரவுட்டர் அதை அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தாது. அதனால் பிரிண்டரின் காதுக்கே அது எட்டுவதில்லை.

வைஃபை பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்து "ஒரே நெட்வொர்க்தானே" என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. இணைய நிறுவனம் தந்த மோடமே ஒரு ரவுட்டராகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் போதாமல் அதோடு இன்னொரு ரவுட்டரைக் கேபிளில் இணைத்து, இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாயிற்று. பிரிண்டர் மோடத்தோடு சேர்ந்து 192.168.1.23 என்ற முகவரியைப் பெறுகிறது. போனோ புது ரவுட்டரில் சேர்ந்து 192.168.0.14 என்று இருக்கிறது. வீட்டு ரவுட்டர்களில் வழக்கமாக முதல் மூன்று எண்களும் ஒத்துப்போனால்தான் ஒரே நெட்வொர்க். இங்கே மூன்றாவது எண் வேறு. பெயர் ஒன்றுதான், ஆனால் நெட்வொர்க் இரண்டு.

போனின் முகவரி வைஃபை அமைப்பில், இணைந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டால் தெரியும். பிரிண்டரின் முகவரி அதன் திரையில் இருக்கும். திரை இல்லாத பிரிண்டர் என்றால் நெட்வொர்க் விவரத்தாளை அச்சிட்டுப் பார்க்கலாம். அப்புறம் போனின் பிரவுசரில் பிரிண்டரின் முகவரியைத் தட்டிப் பாருங்கள்:

```
http://192.168.1.23
```

பிரிண்டரின் பக்கம் திறந்தால் பாதை இருக்கிறது, தேடல்தான் எட்டவில்லை என்று பொருள். மேலே சொன்ன அமைப்பில் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் மோடத்துக்கு உள்ளே இணைத்த புது ரவுட்டரில் இருக்கும் போன் வெளியே உள்ள மோடத்தின் பக்கம் போக முடியும். அப்போது ஆண்ட்ராய்டின் Default Print Service-இல் ஐபி முகவரியைக் கொடுத்தே பிரிண்டரைச் சேர்த்துவிடலாம். ஐபோனின் அச்சுத் திரையில் இப்படி முகவரி தட்ட இடமில்லை. இடம் மாறி, பிரிண்டர் உள் ரவுட்டரிலும் போன் மோடத்திலும் இருந்தால் பக்கமும் திறக்காது. வெளியிலிருந்து வருவதை உள் ரவுட்டர் தடுத்துவிடும்.

முகவரி தட்டிச் சேர்ப்பது தற்காலிக வழிதான். இரண்டாவது ரவுட்டரை Access Point Mode-க்கு மாற்றுவதையே நான் சரியான தீர்வு என்பேன். அதற்குப் பிறகு முகவரி கொடுக்கும் வேலையை மோடம் மட்டுமே பார்க்கும், எல்லாம் ஒரே நெட்வொர்க்காகிவிடும். மாற்றியதும் அந்த ரவுட்டரோடு இணைந்திருந்த கருவிகளை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இல்லையென்றால் சில கருவிகள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கின் கதை வேறு. அங்கே முதல் மூன்று எண்கள் ஒத்துப்போனாலும் பிரிண்டர் தெரியாமல் போகலாம், ஏனென்றால் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கக்கூடாது என்றே பல ரவுட்டர்கள் அதைத் தடுத்து வைக்கின்றன. பிரவுசரிலும் பக்கம் திறக்காது. போனைப் போலவே பிரிண்டரையும் கெஸ்டில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டையும் முதன்மை நெட்வொர்க்குக்குக் கொண்டுவாருங்கள். அங்கேயும் தெரியவில்லையென்றால் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாத AP Isolation என்ற அமைப்பு ரவுட்டரில் இயங்குகிறதா என்று பாருங்கள்; இயங்கினால் அணைத்துவிடுங்கள்.

விருந்தினர் அச்சிடக் கேட்கிறார் என்பதற்காக, கெஸ்டிலிருந்து உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் வசதியை இயக்க வேண்டாம். பிரிண்டரோடு உங்கள் கணினியும் கேமராவும் சேர்ந்தே அவர்களுக்குத் திறந்துவிடும். பிரிண்டரில் வைஃபை டைரக்ட் இருந்தால் அவருடைய போனை நேராக அதோடு இணைத்துவிடலாம், ரவுட்டரே தேவையில்லை. வைஃபை டைரக்டும் இல்லையென்றால் கோப்பை வாங்கி உங்கள் போனிலிருந்தே அச்சிட்டுக் கொடுங்கள்.