வெளியான கட்டுரையில் ஒரு மேற்கோள் விடுபட்டிருக்கிறதா? ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதும் முறை

கட்டுரை வெளியாகிவிட்டது. பிறகு ஒருநாள் புரட்டும்போதுதான் தெரிகிறது, பயன்படுத்திய சமன்பாடு இன்னொருவருடையது, ஆனால் அவர் பெயர் எங்கேயும் இல்லை. இப்போது ஆய்விதழுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். கடிதம் சின்னதுதான், அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் கொஞ்சம் அதிகம்.

முதலில், எப்படி விடுபட்டது என்று கண்டுபிடியுங்கள்

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மண் ஈரப்பத சென்சார் பற்றிய கட்டுரை. சென்சார் தரும் எண்ணை ஈரப்பதமாக மாற்ற, வேறொரு குழு வெளியிட்ட சமன்பாட்டை எடுத்திருக்கிறீர்கள். முதல் வரைவில் “இந்தச் சமன்பாடு [17]-இலிருந்து எடுக்கப்பட்டது” என்ற வரி இருந்தது. வார்த்தை வரம்பு தாண்டியதால் திருத்தத்தில் அந்த வரியை யாரோ வெட்டிவிட்டார்கள், சமன்பாடு மட்டும் நின்றது. Zotero மாதிரியான மென்பொருளில், கட்டுரைக்குள் வேறெங்கும் அந்த மேற்கோள் இல்லையென்றால் பட்டியலிலிருந்தும் அது தானாகவே போய்விடும். 18-ஆக இருந்தது 17 ஆகிவிடும், நடுவில் இடைவெளியே தெரியாது, ப்ரூஃப் பார்க்கும்போதும் யார் கண்ணிலும் படாது.

பழைய வரைவையும் வெளியான பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று போயிருந்தால் இன்னொன்றும் போயிருக்கலாம், எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இது வெறும் மேற்கோள் பிரச்சினைதானா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விடுபட்ட கட்டுரையின் வாக்கியங்களே உங்கள் கட்டுரையில் அப்படியே இருந்தால், ஒரு எண்ணைச் சேர்த்து முடிக்கிற விஷயம் இல்லை அது. அதே மாதிரி, “இந்த முறையை முதன்முறையாக நாங்களே பயன்படுத்துகிறோம்” என்று எழுதியிருந்து, அந்தக் கட்டுரை அதை முன்பே செய்திருந்தால், அந்த வாக்கியத்தையும் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். மேற்கோளை மட்டும் சேர்த்துவிட்டு “முதன்முறையாக” என்பதை விட்டுவைத்தால், எடிட்டர் கவனிக்காவிட்டாலும் அந்தக் கட்டுரையை எழுதியவர் நிச்சயம் கவனிப்பார்.

இணையாசிரியர்கள்

எல்லாருக்கும் கடிதத்தின் வரைவை அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தொடர்புக்கான ஆசிரியர் பெயரில்தான் கடிதம் போக வேண்டும்.

கடிதம்

“தவறு நேர்ந்துவிட்டது, தகுந்த இடத்தில் சேர்த்துவிடவும்” என்று எழுதினால் வேலை நடக்காது. இப்போது இருப்பது என்ன, எப்படி மாற வேண்டும், இரண்டையும் அப்படியே எழுதிக் கொடுங்கள். இன்னொன்று, எண் வரிசைப் பட்டியலில் நடுவில் ஒன்றைச் செருகினால் பின்னால் வருவதெல்லாம் மாறும். அதனால் கடைசி எண்ணுக்கு அடுத்ததாகச் சேர்க்கக் கேட்பது சுலபம். நம் கட்டுரையில் 41 இருக்கிறது, புதியது 42.

> பொருள்: திருத்த வேண்டுகோள் – [கட்டுரைத் தலைப்பு, டிஓஐ]
>
> மதிப்பிற்குரிய இதழாசிரியருக்கு,
>
> தங்கள் இதழில் வெளியான மேற்கண்ட கட்டுரையில் ஒரு மேற்கோள் விடுபட்டிருப்பதை இப்போது கவனித்தோம். பிரிவு 2.3-இல் உள்ள சமன்பாடு (4) எங்களுடையது அன்று, [ஆசிரியர், ஆண்டு] கட்டுரையிலிருந்து எடுத்தது. திருத்தத்தின்போது ஒரு வாக்கியத்தை நீக்கியதில் மேற்கோளும் சேர்ந்து நீங்கிவிட்டது. அது இடம்பெற்றிருந்த முதல் வரைவை இணைத்துள்ளோம்.
>
> இப்போது உள்ளது: “ஈரப்பதம் சமன்பாடு (4)-இன்படி கணக்கிடப்பட்டது.”
> இருக்க வேண்டியது: “ஈரப்பதம், [42]-இலிருந்து எடுத்த சமன்பாடு (4)-இன்படி கணக்கிடப்பட்டது.”
> பட்டியலில் சேர்க்க: 42. [முழு விவரம், டிஓஐ]
>
> தரவுகளிலும் முடிவுகளிலும் மாற்றம் இல்லை. இணையாசிரியர்கள் அனைவரும் இதற்குச் சம்மதித்துள்ளனர். இந்த விடுபடலுக்கு வருந்துகிறோம்.

அவ்வளவுதான். “மாற்றம் இல்லை” என்ற வரியை உண்மையிலேயே இல்லாவிட்டால் மட்டும் எழுதுங்கள். மென்பொருளைத் திட்டி ஒரு பத்தி வேண்டாம், காரணத்துக்கு ஒரு வாக்கியம் போதும்.

அனுப்பிய பிறகு

கட்டுரையாசிரியர் செய்த பிழைக்கான திருத்தத்தைப் பல இதழ்கள் காரிஜெண்டம் என்றும், பதிப்பகத்தின் பிழைக்கானதை எர்ரேட்டம் என்றும் சொல்கின்றன, வெறும் கரெக்ஷன் என்று சொல்பவையும் உண்டு. நம்முடையது முதல் வகை. வழக்கமாக இது தனி டிஓஐ-யுடன் வெளியாகி மூலக் கட்டுரையோடு இணைக்கப்படும். மூலக் கட்டுரையையும் திருத்துவார்களா என்பது இதழுக்கு இதழ் மாறும். சின்ன விடுபடல் என்று அறிவிப்பே போட மறுக்கவும் கூடும், அப்போது அந்தப் பதில் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ப்ரீபிரிண்ட் எங்காவது ஏற்றியிருந்து, அதிலும் இந்த மேற்கோள் இல்லையென்றால், அந்தத் தளம் அனுமதித்தால் அங்கே புதிய பதிப்பை நீங்களே ஏற்றலாம்.

திருத்த அறிவிப்புக்கும் ப்ரூஃப் வந்தால் அவசரத்தில் சம்மதம் கொடுத்துவிடாதீர்கள். 42-ஆம் மேற்கோளின் டிஓஐ-யைச் சொடுக்கி, சரியான கட்டுரைக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். அப்புறம் சரி சொல்லுங்கள்.